ராத்திரி 10 மணிக்கும் சுவர் ஏன் சுடுது? செங்கலுக்கு 3 மாற்றுகள்... எது எங்கே சரிவரும்?

மே மாதச் சென்னையில் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரை இரவு 10 மணிக்குத் தொட்டுப் பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் ஏன் இந்தச் சூடு? 9 இஞ்ச் செங்கல் சுவர் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு, சுமார் 7, 8 மணி நேரம் கழித்து மெதுவாக அறைக்குள் தள்ளும். பிற்பகல் 3 மணி வெயிலின் உச்சம், நாம் ஏ.சி போட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே வந்து சேர்கிறது.

இரவில் நன்றாகக் குளிரும் ஊர்களில் இந்தத் தாமதம் ஒரு வசதி. பகலில் வீடு குளுமையாக இருக்கும், ராத்திரி ஜன்னலைத் திறந்தால் சூடு வெளியேறிவிடும். ஆனால் கடலோர ஊர்களில் கோடை இரவிலும் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். அங்கே வெப்பத்தைத் தேக்கி வைக்கும் சுவரைவிட, உள்ளே வரவிடாமல் தடுக்கும் சுவர்தான் தேவை. வீடு கட்டுபவர்களும் ஃப்ளாட் வாங்குபவர்களும் இப்போது அதிகம் கேள்விப்படும் மூன்று பெயர்கள் ஹாலோ களிமண் பிரிக், ஏ.ஏ.சி பிளாக், நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். மூன்றும் கரன்ட் இல்லாமலே வெப்பத்தைத் தடுப்பவை. ஆனால் மூன்றும் ஒரே அளவுக்குத் தடுப்பதில்லை.

எல்லாம் காற்றுதான்

மூன்றிலும் வேலை செய்வது ஒரே பொருள்: சிறைப்பட்ட காற்று. அசையாத காற்றோடு ஒப்பிட்டால், செங்கல் சுமார் 30 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். 'அசையாத' என்ற சொல்தான் இங்கே முக்கியம். சுவருக்குள் காற்று எவ்வளவு பெரிய அறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது.

இரட்டைச் சுவரை எடுத்துக்கொள்வோம். நாலரை இஞ்ச் செங்கல் சுவர், 2 இஞ்ச் இடைவெளி, மறுபடி நாலரை இஞ்ச் சுவர். நடுவில் இவ்வளவு காற்று இருக்கிறதே, இதுதானே முதலிடம் பிடிக்க வேண்டும்? பிடிப்பதில்லை. அகலமான இடைவெளியில் காற்று சும்மா இருக்காது. சூடான பக்கத்தில் மேலே ஏறி, குளிர்ந்த பக்கத்தில் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வெளிச்சுவரின் சூடான முகம், எதிரே இருக்கும் உள்சுவரின் முகத்துக்குக் கதிர்வீச்சாகவே வெப்பத்தை அனுப்பிவிடும். அதற்குக் காற்று தேவையே இல்லை. அதனால் சுமார் 1 இஞ்சுக்கு மேல் இடைவெளியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பெரிய லாபம் கிடைக்காது. 2 இஞ்சை 4 இஞ்ச் ஆக்கினால் வீட்டில் இடம்தான் குறையும்.

பிரிட்டனில் இந்த வகைச் சுவர் பரவியதற்கு முதல் காரணமும் வெப்பம் இல்லை, மழை. வெளிச்சுவர் நனைந்தாலும் ஈரம் உள்சுவருக்குத் தாண்டக் கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். அந்த வேலையை அது இன்றும் நன்றாகவே செய்யும்.

ஹாலோ களிமண் பிரிக் அதே இடைவெளியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வரிசை வரிசையாகச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையும் குறுகலாக இருப்பதால் காற்று சுற்ற இடமில்லை. கதிர்வீச்சும் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். பலவீனம் அந்தத் தடுப்புகளிலேயே இருக்கிறது. அவை களிமண் என்பதால் அவற்றின் வழியாக வெப்பம் கடக்கும். அதனால்தான் நல்ல பிளாக்கில் தடுப்புகள் நேர்க்கோட்டில் இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். வெப்பம் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கும்.

ஏ.ஏ.சி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. 1920-களில் ஸ்வீடன் கட்டடக் கலைஞர் ஆக்ஸல் எரிக்சன் உருவாக்கிய முறை இது. சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் அல்லது சாம்பல் கலந்த குழம்பில் துளியளவு அலுமினியப் பொடி போடுவார்கள். ஹைட்ரஜன் வாயு கிளம்பி, இட்லி மாவு மாதிரி மொத்தக் கலவையும் பொங்கும். பிறகு துண்டுகளாக வெட்டி, அழுத்தமான நீராவியில் வேக வைப்பார்கள். ஹைட்ரஜன் போய்விடும், அதன் இடத்தில் லட்சக்கணக்கான மிகச் சிறிய காற்றுக் குமிழ்கள் தங்கிவிடும்.

ஒரு சுவர், நான்கு கணக்கு

சுவர்களை ஒப்பிட உதவுவது யு-மதிப்பு. இரண்டு பக்கமும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், 1 சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதுதான் அது. எண் குறைந்தால் நல்லது. பூச்சோடு சேர்த்து 9 இஞ்ச் செங்கல் சுவருக்கு இது சுமார் 2. காற்று இடைவெளி மட்டும் உள்ள இரட்டைச் சுவருக்கு 1.5. 8 இஞ்ச் ஹாலோ களிமண் சுவருக்கு 1.1-ஐ ஒட்டி வரும். 8 இஞ்ச் ஏ.ஏ.சி சுவருக்குச் சுமார் 0.8.

இப்போது அந்த மேற்குச் சுவர். 10 அடிக்கு 10 அடி, அதாவது சுமார் 9 சதுர மீட்டர். வெயிலையும் சேர்த்து வெளிப்பக்கத்துக்கும் அறைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். செங்கல் சுவர் 360 வாட் வெப்பத்தை உள்ளே விடும். இரட்டைச் சுவர் 270, ஹாலோ களிமண் 200, ஏ.ஏ.சி 145. நிஜத்தில் வித்தியாசம் மணிக்கு மணி மாறும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் வரிசை மாறாது.

செங்கலில் இருந்து ஏ.ஏ.சி-க்கு மாறினால் இந்த ஒரு சுவரில் 215 வாட் வெப்பம் குறைகிறது. நல்ல ஏ.சி இதை வெளியேற்ற 60 வாட் மின்சாரம் எடுக்கும். 8 மணி நேரத்துக்கு அரை யூனிட். அவ்வளவுதானா என்றால், ஒரு சுவருக்கு அவ்வளவுதான். "கரன்ட் பில் பாதியாகும்" என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். அதே நேரம், கூடுதலாகக் கிடைக்கும் ஒன்று இந்தக் கணக்கில் வராது. சுவர் சூடாக இல்லாததால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அனல் அடிக்காது. ஏ.சி-யை 24-ல் இருந்து 26-க்கு ஏற்றினாலும் தூக்கம் வரும்.

பிளாக்கின் எண்ணும் சுவரின் எண்ணும்

விளம்பரத்தில் வருவது பிளாக்கின் எண். வீட்டில் இருப்பது சுவர். நடுவில் நிறைய நடக்கிறது.

முதலில் தடிமன். 'ஏ.ஏ.சி சுவர்' என்று சொல்லி 4 இஞ்ச் பிளாக் வைத்தால் யு-மதிப்பு 1.3 ஆகிவிடும்; 8 இஞ்ச் ஹாலோ களிமண் சுவரைவிட மோசம். 6 இஞ்சுக்குச் சுமார் 1. ஆகவே "ஏ.ஏ.சி-யா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "வெளிச்சுவர் எத்தனை இஞ்ச்?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து பில்லரும் பீமும். கான்கிரீட்டின் யு-மதிப்பு அதே தடிமனில் சுமார் 3. வெளிச்சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு பில்லர், பீம் என்றால், மீதி முழுக்க 0.8 ஏ.ஏ.சி-யாக இருந்தாலும் சராசரி 1.2-ஐத் தாண்டிவிடும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, அலுமினிய அச்சில் முழுச் சுவரையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் அடுக்குமாடிகள். அங்கே எந்த பிளாக்குக்கும் இடமே இல்லை. பழைய செங்கல் சுவரைவிட அதிக வெப்பம் உள்ளே வரும். ஃப்ளாட் பார்க்கப் போகும்போது வெளிச்சுவர் எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. டைல்ஸ் என்ன பிராண்ட் என்றுதான் கேட்கிறோம்.

பிறகு கொத்தனாரின் கை. செங்கலை நனைத்துக் கட்டிப் பழகியவர் ஏ.ஏ.சி-யையும் நன்றாக ஊற வைத்துக் கட்டினால், அது காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விழும். இதற்கென்று உள்ள ஒட்டுக் கலவையில் 3 மி.மீ அளவுக்கு மெல்லிய இணைப்பு போதும். தடிமனான சிமெண்ட் கலவை வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் வெப்பம் கடக்க ஒரு பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. பிளாக்கும் பில்லரும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால், ஒரு வருடத்துக்குள் நேர்க்கோடாக விரிசல் தெரியும். மழை நேராக அடிக்கும் பக்கத்தில் வெளிப்பூச்சு நன்றாக இல்லையென்றால் ஏ.ஏ.சி ஈரத்தை உறிஞ்சும். குமிழில் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால், காசு கொடுத்து வாங்கிய பலன் குறையும்.

ஏ.ஏ.சி என்ற பெயரில், நீராவியில் வேகாத நுரை கான்கிரீட் பிளாக்குகளும் விற்கப்படுகின்றன. வாங்கும் முன் ஒரு பிளாக்கை எடை போட்டுப் பார்க்கலாம். 600 x 200 x 200 மி.மீ அளவுள்ள நல்ல பிளாக் நன்றாகக் காய்ந்த நிலையில் 13 முதல் 16 கிலோ வரை இருக்கும். காய்ந்த பிறகும் 20 கிலோவைத் தாண்டினால் அதற்குள் காற்று குறைவு என்று அர்த்தம்.

ஹாலோ பிரிக்கில் பிரச்சினை வேறு. எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கக் குறுக்கே வெட்டினால் உள் தடுப்புகள் உடைந்து, சின்ன அறைகள் எல்லாம் ஒரே பெரிய ஓட்டையாகிவிடும். எங்கே பைப் வரும் என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இரட்டைச் சுவரில், கட்டும்போது இடைவெளிக்குள் விழும் கலவைதான் வில்லன். அது இரண்டு சுவர்களையும் ஒட்ட வைத்து, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பாலம் போடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மழைக்குப் பிறகு உள்சுவரில் திட்டுத் திட்டாக ஈரம் வந்தால்தான் தெரியும். அதன் இடைவெளியைக் கண்ணாடி இழைப் பஞ்சாலோ தெர்மாகோலாலோ முழுக்க நிரப்பினால் யு-மதிப்பு 0.5-க்கு இறங்கி, மூன்றில் முதலிடம் அதற்கே. ஆனால் 8 இஞ்ச் சுவரோடு ஒப்பிட்டால் அது 80 மி.மீ தடிமன் அதிகம். 100 அடி நீள வெளிச்சுவருக்கு 26 சதுர அடி இடம் போகும். நகரத்தில் சதுர அடி விலையை நினைத்தால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

தனி வீடு கட்டுபவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் பிரபலப்படுத்திய எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினால், அதே 9 இஞ்சுக்குள் இடைவெளி கிடைக்கும், செங்கலும் கால் பங்கு மிச்சம். பழகிய கொத்தனார் கிடைத்தால் நல்ல தேர்வு.

எதை முதலில் செய்வது?

அடுக்குமாடியில் 8 இஞ்ச் ஏ.ஏ.சி-தான் நடைமுறைக்கு ஒத்துவரும். எடை குறைவு, எளிதில் கிடைக்கும், தடுப்பும் அதிகம். சுவர் அதிகம் நனையும் இடத்தில், பைப் வேலையைத் திட்டமிட முடிந்தால், ஹாலோ களிமண் பிரிக்கை யோசிக்கலாம். வெறும் காற்று இடைவெளியோடு இரட்டைச் சுவர் கட்டுவது வெப்பத்துக்காக என்றால் வேண்டாம்.

ஆனால் சுவருக்குச் செலவு செய்யும் முன் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அதே மேற்குச் சுவரில் 4 அடிக்கு 4 அடி சாதாரணக் கண்ணாடி ஜன்னல் இருந்து, மாலை வெயில் நேராக விழுந்தால், அது மட்டுமே 600 வாட் அளவுக்கு வெப்பத்தை உள்ளே விடும். மொத்தச் செங்கல் சுவரும் விட்டது 360. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு சுவரையும் ஜன்னலையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுவதும் இதனால்தான். மேற்கில் தாழ்வான சூரியனுக்குச் சின்ன சன்ஷேடு போதாது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால், ஏ.ஏ.சி சுவர் மிச்சப்படுத்தும் 215 வாட்டைவிட அதிகமாக அதுவே தடுத்துவிடும். வாடகை வீட்டிலும் இதைச் செய்யலாம், ஹவுஸ் ஓனர் ஒன்றும் சொல்ல மாட்டார்.