குக்கர் வெடித்துக் காயம்: உற்பத்தியாளரின் பொறுப்பை நிரூபிப்பது எப்படி?

புது தில்லி: சமையலறையில் பிரஷர் குக்கர் வெடித்து வீட்டில் ஒருவர் காயமடைந்தால், பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. உற்பத்தி நிறுவனம் புதிய குக்கர் ஒன்றைக் கொடுத்தால் விவகாரம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் ஆறாவது அத்தியாயம், குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் உடல் காயத்துக்கு உற்பத்தியாளரே இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இதற்கெனத் தனி அத்தியாயம் இல்லை.

சட்டம் வழிவிட்டாலும், வழக்கின் முடிவு பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நாள்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வெடித்த குக்கர் யாரிடம் இருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

எந்த அடிப்படையில் பொறுப்பு?

சட்டத்தின் 84-ஆவது பிரிவு ஐந்து சூழல்களைப் பட்டியலிடுகிறது. தயாரிப்பில் குறைபாடு, வடிவமைப்பில் குறைபாடு, தயாரிப்பு விவரக்குறிப்புகளிலிருந்து விலகல், வெளிப்படையாக அளித்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, சரியான பயன்பாட்டுக்கான அறிவுறுத்தலோ தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையோ போதிய அளவில் இல்லாமை ஆகியவை அவை. இவற்றுள் ஒன்றை நிரூபித்தாலே போதும். நிறுவனம் அலட்சியமாக நடந்துகொண்டது என்று தனியே நிரூபிக்க வேண்டும் என இப்பட்டியல் கோரவில்லை. உத்தரவாதம் அளித்ததில் அலட்சியமோ மோசடியோ இல்லை என்று நிறுவனம் நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

குக்கரை வாங்கியவர் ஒருவர், காயமடைந்தவர் வேறொருவர் என்பதும் தடையல்ல. விலை கொடுத்து வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் 'நுகர்வோர்' என்றே சட்டம் வரையறுக்கிறது. எனவே மகன் வாங்கிய குக்கரில் சமைத்த தாய், தம் பெயரிலேயே புகார் அளிக்கலாம். உயிரிழப்பு நேர்ந்தால் சட்டப்பூர்வ வாரிசும், நுகர்வோர் சிறார் எனில் பெற்றோரும் புகாரளிக்கலாம். அடுப்பருகே வெறுமனே நின்றிருந்தவர் காயமடைந்தால் மட்டும், அவர் 'பயன்படுத்துபவர்' அல்லர் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்ப இடமுண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு வழக்கைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஒருவர் ரூ.1,900-க்கு ஐந்து லிட்டர் குக்கர் வாங்குகிறார். பதினான்கு மாதங்கள் கழித்து அவருடைய மாமியார் பருப்பு வேகவைக்கும்போது மூடி பெயர்ந்து பறக்கிறது. அவரது முகமும் வலது கையும் வெந்துபோகின்றன. எரிவாயு அடுப்பும் உடைகிறது. ஆவி வெளியேறும் துளையைப் பருப்பு அடைத்திருக்கும் என்றும், கடையில் வாங்கிய வேறு நிறுவன கேஸ்கெட்டைப் பொருத்தியிருப்பார்கள் என்றும் உற்பத்தி நிறுவனம் பதிலளிக்கிறது.

இந்தப் பதிலுக்கு மறுமொழி குக்கரிலேயே உள்ளது. விசில் எனப்படும் எடைக் கருவி வழியாக ஆவி வெளியேற முடியாமல் போனால், மூடியிலுள்ள சேஃப்டி வால்வு திறக்க வேண்டும். பல குக்கர்களில் அதனுள் எளிதில் உருகும் உலோகக் கலவை இருக்கும். வெப்பம் அளவு மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். துளை அடைபட்டிருந்தும் அந்தக் கலவை உருகாமல் அப்படியே இருந்தால், இரண்டாவது பாதுகாப்பு ஏன் செயல்படவில்லை என்ற கேள்விக்கு உற்பத்தியாளரே விளக்கம் தர வேண்டியிருக்கும். மாறாக, வால்வுக்குப் பதில் வேறு ஏதோ பொருத்தப்பட்டிருந்தாலோ, ஆவி அடங்கும் முன் மூடியை வலுக்கட்டாயமாகத் திறந்த தடயம் இருந்தாலோ வழக்கு பலவீனமாகும்.

தவறான பயன்பாடு அல்லது மாற்றம் செய்தல் என்ற விலக்கை 87-ஆவது பிரிவு விற்பனையாளரைக் குறிப்பிட்டே வழங்குகிறது. எனினும், காயத்துக்குக் காரணம் குறைபாடு அல்ல, பயன்பாடுதான் என்று உற்பத்தியாளரும் வாதிடலாம். வெளிப்படையான அல்லது பொதுவாக அறியப்பட்ட ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றும் அப்பிரிவு கூறுகிறது.

ஆய்வகமும் தடயமும்

பரிசோதனையின்றிக் கண்டறிய முடியாத குறைபாடு குறித்த புகாரில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் பொருளின் மாதிரியைப் பெற்று முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. 45 நாள்களுக்குள் அறிக்கை பெறப்பட வேண்டும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் செலுத்துமாறு ஆணையம் கோரலாம்.

இங்குதான் பல குடும்பங்கள் இடறுகின்றன. மாற்றுக் குக்கர் பெறுவதற்காக வெடித்ததை நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டால், ஆய்வுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. மேலும், மாற்றுக் குக்கர் காயத்துக்கான ஈடும் ஆகாது. பொருளுக்கே நேர்ந்த சேதத்தைப் பொருள் பொறுப்பின் கீழ் 'தீங்கு' எனச் சட்டம் கருதுவதில்லை. உடல் காயம், அதனால் உண்டான மன வேதனை, பிற உடைமைகளின் சேதம் ஆகியவையே தீங்கில் அடங்கும். எடுத்துக்காட்டிலுள்ள குடும்பம் கோர வேண்டியது குக்கரின் ரூ.1,900 அல்ல, சிகிச்சைச் செலவு, மன வேதனை, உடைந்த அடுப்பின் மதிப்பு ஆகியவற்றையே.

எனவே பாத்திரம், மூடி, கேஸ்கெட், வால்வு, விசில் ஆகியவற்றைக் கழுவாமல் இருந்த நிலையிலேயே எடுத்துவைப்பதும், சமையலறையைச் சுத்தம் செய்யும் முன் படமெடுப்பதும் முக்கியம். ரசீது, பயன்பாட்டுக் கையேடு, மருத்துவமனைப் பதிவுகள் ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

முத்திரையின் பங்கு

வீட்டு உபயோக பிரஷர் குக்கர்களுக்கு ஐஎஸ் 2347 தரநிலையும் ஐஎஸ்ஐ முத்திரையும் 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். முத்திரையுடன் CM/L எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். இந்த விதியை மீறிய 2,265 குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக, அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் ரூ.1 லட்சம் அபராதம் விதித்தது. குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. நிறுவனம் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இத்தகைய நடவடிக்கையில் அபராதம் அரசுக்கும் விலை வாங்கியவருக்கும் செல்லும். காயத்துக்கான இழப்பீட்டுக்குத் தனிப் புகார் தேவை. முத்திரை இல்லாத குக்கரில் உற்பத்தியாளர் யார் என்றே தெரியாவிட்டால், 86-ஆவது பிரிவின்படி விற்பனையாளர் பொறுப்பாவார். இறக்குமதி செய்பவரும் விற்பனையாளர் என்ற வரையறைக்குள் வருகிறார். வாட்டர் ஹீட்டர் விபத்துகளுக்கும் இதே பிரிவுகள் பொருந்தும்; ஆனால் அங்கு ஹீட்டரைப் பொருத்தியவரின் பணியும், வீட்டின் எர்த் இணைப்பும் கூடுதலாக ஆராயப்படும்.

எங்கே, எப்போது?

ஆணையத்தின் அதிகார வரம்பு, கோரும் இழப்பீட்டைப் பொறுத்ததன்று. பொருளுக்குச் செலுத்திய விலையைப் பொறுத்தது. ரூ.50 லட்சம் வரையிலான விலைக்கு மாவட்ட ஆணையமே உரியது என்பதால், எவ்வளவு பெரிய இழப்பீடு கோரினாலும் குக்கர் வழக்கு அங்கேயே தொடங்கும். செலுத்திய விலை ரூ.5 லட்சத்துக்கு மிகாவிட்டால் புகார்க் கட்டணம் இல்லை. காயமடைந்தவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகாரளிக்கலாம். அதற்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மட்டுமே அதன் பிறகு ஏற்கப்படும்.