மூன்று நாளில் மூன்று சாகசம்: வானிலை உங்கட அட்டவணையைப் பார்ப்பதில்லை

போயாவோடு சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் போதும், வட்ஸ்அப் குழுவில் ஒரு திட்டம் வந்து விழும். வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுவது. சனி பின்னேரம் கித்துல்கலையில் கன்யனிங், அதாவது ஓடைக்குள் இறங்கி, பாறை வழுக்கி, மடுவில் குதித்துக் கீழே போவது. ஞாயிறு எல்லவில் சிப்லைன். திங்கள் எங்கேயாவது பராகிளைடிங், இரவு திரும்ப பஸ். பார்க்க வடிவான திட்டம்தான். ஆனால் இதில் ஆபத்து எங்கே இருக்கு எண்டு கேட்டால், கம்பியிலோ பாறையிலோ இல்லை, இந்த அட்டவணையில்தான் எண்டு சொல்லுவன்.

முதலில் சனி பின்னேரத்தைப் பாருங்கள். கித்துல்கலை நாட்டிலேயே அதிக மழை விழும் பகுதிகளில் ஒன்று. சித்திரை, ஐப்பசிக் காலங்களில் காலை வெயிலாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். ஓடையில் நிற்பவருக்கு மழை தன் தலைக்கு மேலே பெய்ய வேண்டிய அவசியமில்லை. மேலே மலையில் பெய்தால் போதும், ஒடுக்கமான பாறை இடுக்கில் தண்ணீர் சில நிமிடங்களில் எழும்பிவிடும்.

1999 யூலை 27 இல் சுவிற்சர்லாந்தின் இன்ரர்லாக்கனுக்குப் பக்கத்தில் சாக்செற்பாக் என்ற ஓடையில் நடந்தது இதுதான். மேலே இடிமழை பெய்தது, கீழே குழுக்கள் ஓடைக்குள் நின்றன. வெள்ளம் 21 பேரைக் கொண்டுபோனது. அதில் மூன்று பேர் வழிகாட்டிகள். அனுபவசாலிகள் கூட நின்றும் தப்ப முடியவில்லை. 2001 இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது.

அதனால் கன்யனிங் எண்டால் காலை எட்டு மணிக்கே இறங்கி, மத்தியானத்துக்கு முன் வெளியே வரோணும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வருவது, சற்று முன் தெரிந்த கல் மூழ்கியிருப்பது, மேலே இருந்து இரைச்சல் கேட்பது - இதில் ஒன்றைக் கண்டாலும் கீழ்நோக்கி ஓடாமல் பக்கத்துக் கரையில் உயரத்துக்கு ஏறுங்கள். குதிக்கும் மடுவையும் வழிகாட்டி அண்டைக்கே இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். போன கிழமை ஆழமாக இருந்த இடத்தில் வெள்ளம் ஒரு பாறையை உருட்டி விட்டிருக்கலாம்.

இரவு முழுக்க பஸ்ஸில் கழுத்தை மடித்துத் தூங்கினவர் நேரே ஓடைக்குள் இறங்கினால் கால் சறுக்கும். ஆகவே என்ர திட்டம் இப்படி: சனி போய்ச் சேர்ந்து சாப்பிட்டுப் படுப்பது. ஞாயிறு காலை ஓடை. மத்தியானம் ஹற்றன் வழியாக எல்லவுக்கு. மலைப் பாதை எண்டபடியால் மிச்சப் பொழுது அதிலேயே போய்விடும். திங்கள் காலை சிப்லைன்.

சிப்லைனில் பார்க்க வேண்டியவை குறைவு. உங்களைக் கம்பியோடு இணைப்பது ஒன்றல்ல, இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். எடையைக் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். எடை குறைந்தவர் நடுவழியில் நின்றுபோகலாம், கூடினவர் மறுமுனைக்கு வேகமாக வந்து சேருவார். நிறுத்துபவர் அதற்குத் தயாராக இருக்கோணும். இடி முழங்கினால் அந்த உருக்குக் கம்பிக்குப் பக்கத்திலும் போக வேண்டாம்.

அப்ப பராகிளைடிங்? இந்த லீவில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மூன்றில் காற்றை அதிகம் நம்பியிருப்பது அதுதான். காலையில் காற்று அமைதியாக இருக்கும், வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேலெழும்பிக் குலுக்கும். நல்ல பைலற் சிலவேளை அரை நாள் காத்திருப்பார், சிலவேளை "இண்டைக்கு இல்லை" என்பார். இரவு பஸ்ஸுக்கு ரிக்கற் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தப் பதில் பிடிக்காது. "மச்சான், இவ்வளவு தூரம் வந்திட்டம், ஒருக்கா கேட்டுப் பாரன்" எண்டு நெருக்கத் தொடங்குவோம். காசு போய்விடும் என்ற பயமும் சேரும். பறக்க ஆசை எண்டால் அதற்கெண்டே இரண்டு, மூன்று நாள் ஒரே இடத்தில் நில்லுங்கள். ஏறும்போது தொடைப்பட்டிகள் இரண்டும் பூட்டியிருக்கா எண்டு நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

முன்பணம் கட்டமுதல் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "மழை, காற்று எண்டு நீங்கள் நிறுத்தினால் காசு திரும்பத் தருவீங்களா?" "ஓம், இல்லாட்டி வேறு நாள்" எண்டு உடனே சொல்லும் இடம், நிறுத்தத் தயங்காத இடம். "நாங்கள் ஒருநாளும் நிறுத்துறதில்லை" எண்டு பெருமையாகச் சொல்லும் இடத்தை விட்டு வாருங்கள்.