ஊசி முனையை மட்டும் மாற்றினால் போதாது

காய்ச்சலோ மேல்வலியோ வந்தால் நம்மவர்களில் பலர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அங்கே வரிசையில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். அதனால் டவுனில் உள்ள சின்ன கிளினிக்குக்குப் போய், "ஒரு ஊசி போட்டு விடுங்க ஐயா, நாளைக்கு மலைக்குப் போகணும்" என்று நாமே கேட்கிறோம். அந்த ஊசி புதியதா என்று கேட்பவர்கள் நம்மில் மிகக் குறைவு.

கம்போடியாவில் பட்டம்பாங் மாகாணத்தில் ரோக்கா என்றொரு கிராமப் பகுதி இருக்கிறது. அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் வைத்தியம் பார்த்து வந்தார். வீட்டுக்கே வருவார், கடனுக்கும் மருந்து கொடுப்பார். ஊரே அவரை நம்பியது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஊர் முதியவர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பயந்துபோன மற்றவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் 200 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. அவர்களில் சிறுபிள்ளைகளும் கிழவர்களும் இருந்தார்கள். 2015 டிசம்பரில் அந்த நபருக்கு நீதிமன்றம் 25 வருடச் சிறைத்தண்டனை விதித்தது.  ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருவருக்கும் பாவித்ததுதான் அத்தனை பேரையும் நோயாளியாக்கியது.

"முனையை மாற்றிவிட்டேன், பயமில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. ஊசியை உடம்பிலிருந்து எடுக்கும்போதும், முனையைக் கழற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சின் குழலுக்குள் இழுபட்டுப் போகும். முனை புதிதானாலும் குழல் பழையதுதான். சுடுதண்ணீரில் அலசினாலும் ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அது போகாது. எச்.ஐ.வி.யை விட வேகமாக இப்படிப் பரவுவது ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி. காய்ந்த இரத்தத்திலும் அது ஏழு நாட்களாவது உயிரோடிருக்கும். நமது நாட்டில் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி 2003இல் தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே கிளினிக்கில் கையை நீட்டுவதற்கு முன் முதலில் கேட்க வேண்டியது, "இதுக்குக் குளிசை இல்லையா?" என்பதுதான். சாதாரணக் காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் பெரும்பாலும் குளிசையே போதும். போடாத ஊசியால் எந்தக் கிருமியும் வராது.

ஊசி கட்டாயம் தேவை என்றால், சிரிஞ்சும் முனையும் இரண்டுமே ஒட்டிய பக்கெட்டிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுக்கப்பட வேண்டும். பக்கெட் கிழிந்திருக்கக் கூடாது, நனைந்திருக்கக் கூடாது, காலாவதித் திகதி கடந்திருக்கக் கூடாது. உள்ளறையில் ஏற்றிக்கொண்டு வந்த ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடுத்ததாக மருந்தைப் பாருங்கள். கழுத்தை உடைத்துத் திறக்கும் சிறிய கண்ணாடிக் குப்பி என்றால் அது ஒருவருக்கு மட்டுமே. அதை உங்கள் முன் உடைக்கச் சொல்லுங்கள். ரப்பர் மூடி போட்ட போத்தலில் பலருக்கு மருந்து எடுப்பார்கள். அந்த மூடியில் ஒரு முனை குத்தியபடியே நின்றால் அந்த மருந்து வேண்டாம். பழைய சிரிஞ்ச் ஒருமுறை உள்ளே போயிருந்தாலும் போத்தல் முழுவதும் கெட்டுவிடும். அதன்பின் உங்களுக்குப் புதுச் சிரிஞ்ச் பிரித்தாலும் பயனில்லை. மருந்துத் தூளைக் கரைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும், சேலைன் குழாய்க்கும் இதே விதிதான்.

போட்டு முடிந்ததும் சிரிஞ்ச் எங்கே போகிறது என்று பாருங்கள். முனையோடு அப்படியே தடித்த பெட்டிக்குள் போட வேண்டும். மேசைத் தட்டில் திரும்ப வைத்தால், அடுத்தவர் யார் என்று யோசியுங்கள்.

கேட்டால் ஐயா கோபிப்பாரோ என்ற கூச்சம் நம்மிடம் உண்டு. "ஐயா, புதுப் பக்கெட்டை எனக்கு முன்னாலேயே பிரிச்சுப் போடுங்க" என்றால் போதும். ஒழுங்காக நடப்பவர் கோபிக்க மாட்டார். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பார்மசியில் புதுச் சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு போவதும் நல்லதே. ஆனால் மருந்துப் போத்தலையும் பார்க்க மறக்க வேண்டாம்.

பாவித்த ஊசி போட்டுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் புதிய சிரிஞ்சுகள் போதிய அளவில் இருக்கின்றனவா, ஊசி போடும் பெட்டி இருக்கிறதா என்று இந்த மாதக் கூட்டத்திலேயே நிர்வாகத்திடம் கேளுங்கள். டவுன் கிளினிக்கில் பாவித்த ஊசி போடுவதைக் கண்டால், திகதியையும் இடத்தையும் எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஒரு பேர் போனால் அடுத்த நாள் சம்பாதிக்கலாம். ஈரல் போனால் அதை எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் கேட்டு வாங்க முடியாது.