திப்புவை மனப்பாடம் செய்வதா, கேள்வி கேட்பதா?

மைசூருக்கு அருகில், காவிரி சூழ்ந்த தீவான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தார். கர்நாடகத்தில் அவரைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2015இல் அரசு விழாவாகத் தொடங்கிய திப்பு ஜெயந்தி 2019இல் ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டில், பாடநூல்களிலிருந்து திப்புவை நீக்குவது பற்றியும் அன்றைய பாஜக முதல்வர் எடியூரப்பா பேசினார்.

பாடத்தை நீக்குவது வரலாற்றை மறைப்பதாகும். அதை எதிர்க்க வேண்டும். ஆனால், பாடம் நூலில் இருந்தால் மட்டும் போதுமா? ‘திப்பு மாவீரர்’ என்பதையோ ‘திப்பு கொடுங்கோலர்’ என்பதையோ எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொன்னால், வகுப்பறையில் நடப்பது ஒன்றே. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இதை வங்கி முறைக் கல்வி என்றார். ஆசிரியர் பணம் போடுபவர். மாணவர் வெறும் பெட்டகம்.

அவர் காட்டிய மாற்று வழி எளியது. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு அளிக்கும் முயற்சி அவர் வழிகாட்டலில் நடந்தது. முதலில் மக்களின் அன்றாடப் பேச்சிலிருந்து சொற்கள் திரட்டப்படும். ‘செங்கல்’ என்ற சொல் என்றால், கட்டடம் கட்டும் காட்சி ஒன்று படமாக வைக்கப்படும். வீட்டைக் கட்டுவது யார், அதில் குடியிருப்பது யார் என்று உரையாடல் நடக்கும். அதன் பிறகே அந்தச் சொல் அசைகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றிலிருந்து புதுச் சொற்களைக் கற்பவர்களே உருவாக்குவார்கள். எழுத்தறிவு இல்லாதோருக்கு அன்று அந்நாட்டில் வாக்குரிமை கிடையாது. எனவே ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1964 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் ஃப்ரெய்ரே சிறையிடப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

இம்முறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பாடமாக்கலாம். கோட்டை வீழ்ந்ததும் நகரம் சூறையாடப்பட்டது. போர்க் கொள்ளையில் தளபதி ஹாரிஸின் பங்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தவை சில பவுண்டுகளே. அரியணையில் அமர்த்தப்பட்ட உடையார் குழந்தையின் அரசு, கம்பெனிக்கு ஆண்டுதோறும் 7 லட்சம் பகோடா செலுத்த வேண்டும் என உடன்படிக்கை ஆனது. உயிரைக் கொடுத்தவர் யார், பொருளைக் கொண்டுபோனவர் யார், அந்த 7 லட்சம் இறுதியில் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கட்டும்.

திப்பு கம்பெனியை எதிர்த்து நின்றவர். குடகு மக்களையும் மங்களூர்க் கிறித்தவர்களையும் சிறைப்பிடித்து இந்நகருக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சங்கடம் தரும் இந்தக் கேள்வியையும் மூடக் கூடாது. அதை மூடினால், மத வெறியர்கள் அதைத் தங்களுக்கான ஆயுதமாக்கிக்கொள்வார்கள்.

இங்கே நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆசிரியரின் முழக்கத்தை மாணவர்கள் அப்படியே திருப்பிச் சொன்னால், முழக்கம் சிவப்பாக இருந்தாலும் அது வங்கி முறையே. ஆசிரியர் எதிர்பாராத கேள்வி ஒன்று மாணவரிடமிருந்து எழுந்து, அதற்கு விடை தேட இருவரும் சேர்ந்து ஆவணங்களைப் புரட்டும்போதுதான் உண்மையான கல்வி தொடங்குகிறது. கட்சி வகுப்புகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.