கழுத்தில் ஒரு லிங்கம்: லிங்காயத்துகள் தனி மதம் கேட்பது ஏன்?

'லிங்காயத்துகளும் சிவனைத்தானே கும்பிடுறாங்க, அப்புறம் எதுக்குத் தனி மதம்?' கர்நாடகத்தில் இந்தக் கோரிக்கை எழும்போதெல்லாம் வரும் கேள்வி இது. பதில் அவர்கள் கழுத்தில் இருக்கிறது.

12-ம் நூற்றாண்டில், இன்றைய பசவகல்யாணில், மன்னர் பிஜ்ஜளரிடம் அதிகாரியாக இருந்த பசவண்ணர் கோயிலும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம் என்றார். ஆளுக்கொரு சிறிய இஷ்டலிங்கம். உள்ளங்கையில் வைத்து வழிபட்டால் போதும். அதை அணிந்தவர்களுக்குள் சாதி இல்லை.

இதைச் சோதித்தது ஒரு கல்யாணம். செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கு, பிராமணரான மதுவரசர் தன் மகளைக் கொடுத்தார். இரு தந்தையரையும் மன்னர் கொன்றார் என்கிறது லிங்காயத் மரபு. பின்னாளில் லிங்காயத்துகளுக்குள்ளேயே சாதி நுழைந்தது தனிக்கதை.

2018 மார்ச்சில் சித்தராமையா அரசு தனி மத அந்தஸ்துக்குப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. வீரசைவமும் லிங்காயத்தும் ஒன்றா என்பதிலேயே அவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.