பி.எம். என்பது நேரமல்ல, இன்னொரு மருந்து

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் பாதாம் பருப்புக்கும் வைட்டமின் புட்டிக்கும் இடையே பெரிய வலிமாத்திரைப் புட்டி ஒன்றும் இருக்கும். இந்திய நகரங்களின் நடுத்தர வீடுகளில் அதற்குத் தனி மதிப்புண்டு. அந்தப் புட்டியின் பெயருக்குப் பின்னால் பி.எம். என்ற இரண்டெழுத்து ஒட்டியிருந்தால், அதை ‘இரவில் போடும் வலிமாத்திரை’ என்று பெற்றோர் பொருள் கொள்கின்றனர். வலிமாத்திரையோடு ஓர் உறக்க மருந்தும் அதில் சேர்ந்திருப்பதை அந்த இரண்டெழுத்து சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதே விற்பனைக்கு வசதி என்பதால்தான் அப்பெயர் அவ்வாறு அமைந்திருக்கிறது.

அமெரிக்கப் பொதிகளின் பின்புறம், சட்டப்படி, கட்டம் கட்டிய ஒரு விவரப் பட்டியல் உண்டு. அதன் தலைப்பகுதியில் இடப்பக்கம் செயல்படும் மருந்தின் பெயரும் அளவும், வலப்பக்கம் அம்மருந்தின் நோக்கமும் அச்சாகியிருக்கும். சாதாரண வலிமாத்திரையில் அங்கே ஒரே வரிதான்: அசிட்டமினோஃபென் 500 மி.கி., வலிநிவாரணி. (இந்தியாவில் பாரசிட்டமால் என்று வழங்கும் அதே பொருளுக்கு அமெரிக்கா இட்ட பெயர் இது, இந்தப் பெயர் வேறுபாடே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.) பி.எம். பொதியில் இரண்டாவதாக ஒரு வரி இருக்கும்: டைஃபென்ஹைட்ரமின் 25 மி.கி., இரவு உறக்கத் துணை. இபுப்ரோஃபென் வகையின் இரவுப் பொதியில் அதே பொருள் சிட்ரேட் உப்பாக 38 மி.கி. என்று காணப்படும். எண் பெரிதாகத் தெரிந்தாலும் மருந்தின் அளவு ஏறத்தாழ அதேதான். சளிக்கான இரவு மருந்துகளில் பெரும்பாலும் டாக்ஸிலமின் இருக்கும். முகப்பில் உள்ள நிலாப்படத்தைவிட அந்த இரண்டாவது வரியே நம்பத்தக்க அடையாளம்.

டைஃபென்ஹைட்ரமின் வலிக்கான மருந்தன்று. 1940களில் ஒவ்வாமைக்காகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின் அது. மூளைக்குள் எளிதில் நுழைவதால் மயக்கம் தருகிறது. அன்று பக்கவிளைவாகக் கருதப்பட்டது இன்று சரக்காகியிருக்கிறது. அதோடு நிற்பதுமில்லை. உடலில் அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதின் வேலையையும் அது தடுக்கிறது. வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்க மறுக்கிறது, முதியோருக்கு நினைவு தடுமாறுகிறது. வயது கூடக்கூட இம்மருந்து உடலை விட்டு வெளியேற அதிக நேரம் பிடிப்பதால், இரவு பத்து மணிக்கு விழுங்கியதன் மந்தம் மறுநாள் காலை நடைப்பயிற்சிவரை தொடரக்கூடும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஒன்றாக இந்த வகையைக் குறிப்பிடுகிறது. முதியோரை மனத்தில் வைத்துப் பெட்டியில் அடுக்கப்படும் பரிசுப்பொருள் இது என்பதை நினைத்தால் முரண் விளங்கும்.

பெங்களூரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். எழுபத்தொரு வயது ஓய்வுபெற்ற ஆசிரியர். முழங்கால் வலி, கூடவே புராஸ்டேட் வீக்கம். காலையிலும் மாலையிலும் பாரசிட்டமால் 650 ஒவ்வொன்று. சளி பிடித்ததும் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரையை வேளைக்கு ஒன்றாக மூன்று போடுகிறார். ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 500 மி.கி., ஃபீனைல்எஃப்ரின், இரண்டு மி.கி. குளோர்பெனிரமின். இரவில், மகள் கொண்டுவந்த புட்டியில் எழுதியபடி இரண்டு மாத்திரை. கணக்கிட்டால் பாரசிட்டமால் மட்டும் 1300, 1500, 1000 ஆக மொத்தம் 3800 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4000. இன்னொரு தலைவலி வந்தால் அதுவும் தாண்டிவிடும்.

அவரைக் கீழே தள்ளப்போவது அந்தக் கணக்கன்று. பகல் முழுவதும் குளோர்பெனிரமின், இரவில் 50 மி.கி. டைஃபென்ஹைட்ரமின் என ஒரே வகை மருந்து இரு பெயர்களில் உடலில் சேர்ந்திருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர் முட்டுகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. குளியலறையில் நின்றால் சிறுநீர் இறங்கவில்லை. வழுக்கி விழுந்தாலும், சிறுநீர் அடைத்து மருத்துவமனைக்குப் போனாலும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் விடை ஒன்றுதான்: “வெறும் வலி மாத்திரைதான் டாக்டர்.” அவர் பொய் சொல்லவில்லை. புட்டியின் முகப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறார். பின்புறத்துச் சிறிய எழுத்திலோ, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவோரும் கண்ணழுத்த நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டபின்பே பயன்படுத்துக என்ற எச்சரிக்கையும், டைஃபென்ஹைட்ரமின் உள்ள வேறெதையும், தோலில் பூசும் களிம்பைக்கூட, சேர்த்துப் பயன்படுத்தாதீர் என்ற எச்சரிக்கையும் தெளிவாகவே இருக்கின்றன.

வலியால் உறங்க முடியாதவருக்கு இரண்டும் ஒரே மாத்திரையில் கிடைப்பது வசதிதானே என்று நிறுவனங்களின் சார்பில் வாதிடப்படுவதுண்டு. வலிதான் உறக்கத்தைக் கெடுக்கிறது என்றால் வலி தணிந்ததும் உறக்கம் வரும். வலிமாத்திரை மட்டுமே போதும். வலியே இல்லாமல் உறக்கத்துக்காக மட்டும் இதை விழுங்குவோர், தேவையில்லாத ஒரு கிராம் பாரசிட்டமாலை இரவுதோறும் ஈரலுக்கு அனுப்புகின்றனர். சில நாள்கள் தொடர்ந்து எடுத்தால் உறக்கம் தரும் திறனும் மங்கிவிடுகிறது. பின்பு எஞ்சுவது வாய் உலர்வும் மலச்சிக்கலும்தான். இரண்டும் தேவைப்படுகிற அரிய இரவுக்குக்கூடத் தனித்தனி மாத்திரைகளே மேல். ஒன்றைக் கூட்டி மற்றொன்றை விட்டுவிடும் உரிமை அப்போது நோயாளியிடம் இருக்கும்.

அயல்நாட்டுப் புட்டியைக் குறை கூறிவிட்டு இந்தியா ஓய்ந்துவிட முடியாது. இங்கே நிலைமை தலைகீழ்: மயக்கும் பொருள் உண்டு, இரவு என்ற சொல்தான் இல்லை. கடையில் ‘சளிக்கு’ என்று கேட்டால் பகலில் நீட்டப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான் ஆட்டோ ஓட்டுநர் சவாரிக்குப் போகிறார். சில தயாரிப்புகளில் காஃபீனையும் சேர்த்திருப்பார்கள். ஒரு மாத்திரைக்குள்ளேயே தூங்க வைப்பதும் விழிக்க வைப்பதும்! பட்டையில் அமெரிக்கப் பொதியைப் போல ‘நோக்கம்’ என்ற பத்தி கிடையாது. ஆங்கில வேதிப்பெயர்கள் மட்டும் வெள்ளித் தாளில் மின்னும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்கலாம். அதையும் கடைக்காரரின் கத்தரிக்கோல் முடித்துவைக்கிறது. நான்கு மாத்திரை வெட்டிக் கொடுத்தால், மருந்தின் பெயர்கள் உள்ள துண்டு பல வேளைகளில் கடையிலேயே தங்கிவிடுகிறது.

வாங்குவோருக்கு நான்கு பெயர்கள் தெரிந்திருந்தால் போதும்: டைஃபென்ஹைட்ரமின், டாக்ஸிலமின், குளோர்பெனிரமின், புரோமெத்தசின். ‘அமின்’ என்று முடிவதெல்லாம் மயக்கும் என்ற குறுக்குவழி உதவாது. நான்காவது பெயரே அதில் அகப்படாமல் தப்பிவிடுகிறது. வெட்டிய துண்டில் பெயர் இல்லையென்றால் முழுப் பட்டையைக் காட்டச் சொல்லி கைபேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். எந்தக் கடைக்காரரும் மறுக்க நியாயமில்லை.

ஆனால் எழுபது வயதுக் கண்களிடம் இந்த வேலையை ஒப்படைப்பது ஒழுங்குமுறை அமைப்புகள் தம் பொறுப்பைக் கைகழுவுவதாகும். உறக்கம் தரும் பொருள் சேர்ந்த எந்தப் பொதியும், அது நியூஜெர்சியில் அச்சானாலும் பத்தியில் அச்சானாலும், அப்பொருளின் பெயரை முகப்பில், வணிகப்பெயரின் அளவுக்கே பெரிதாக, ‘உறக்கம் தரும்’ என்ற சொல்லோடு தாங்க வேண்டும். இந்தியப் பட்டைகளில் அச்சொல் விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும், வெட்டினாலும் அறுபடாதபடி ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் இருக்க வேண்டும். வணிகப்பெயரை ஒவ்வொரு குமிழின் பின்னாலும் திரும்பத் திரும்ப அச்சிட இடம் கிடைக்கிறது. இந்த ஒரு சொல்லுக்கு இடமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது.