ஐந்து அடைமொழிக்குப் பிறகு ஒரு பெயர்

நம்ம காலேஜ் பாட்காஸ்ட்களில் விருந்தினர் அறிமுகம் இன்னும் மேடை வழக்கப்படியேதான் நடக்குது. "கல்வெட்டு ஆர்வலரும், பல விருதுகளைப் பெற்றவரும், நூலாசிரியரும், சமூக சேவகரும், சிறந்த பேச்சாளருமான..." என்று நீண்டு, கடைசியில் ஒரு பெயர் வரும். மேடையில் இது ஓடும். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கார், ஒவ்வொரு அடைமொழியையும் அந்த முகத்தோடு சேர்த்துக்கலாம். இயர்போனில் முகம் கிடையாது. யாரைப் பற்றி என்றே தெரியாமல் ஐந்து தகவலைத் தலையில் சுமக்கணும். பெயர் வரும்போது முதல் மூணு மறந்திருக்கும்.

இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. இங்கிலீஷில் பெயரைச் சொல்லிட்டு விவரத்தைப் பின்னாடி சேர்க்கலாம். தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னாடியே வரிசை கட்டி நிற்கும். அதனால் அந்த நீள வாக்கியத்தை உடைச்சே ஆகணும் என்பது என் கட்சி.

நம்ம உத்திரமேரூரையே எடுத்துப்போம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. அதைப் பார்க்க வருபவர்களுக்கு விளக்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருக்கோம்னு வைங்க. நான் இப்படி ஆரம்பிப்பேன்:

"பதவியில் இருந்துட்டு கணக்கு காட்டாதவர் மறுபடி தேர்தலுக்கு வர முடியாது. அவரோட சொந்தக்காரங்களும் வர முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூரில் கல்லில் வெட்டி வச்ச விதி இது. அந்தக் கல்லைப் படிச்சுச் சொல்றவர் இன்னைக்கு நம்மகூட இருக்கார். அவர் பெயர்..."

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிஷம் தாண்டாது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன கதையை நான் வேணும்னேதான் விட்டேன். அது ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கு, யாருக்கும் காது நிமிராது. சொந்தக்காரர் விதியைக் கேட்டால், "அவங்க என்ன பண்ணாங்க? எந்தெந்த உறவு?"ன்னு உடனே கேட்கத் தோணும். கல்வெட்டு அந்த உறவுகளை வரிசையாகவே சொல்லுது. அதையும் நாமே சொல்லிட்டா பெரியவருக்குப் பேச என்ன மிச்சம்? முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

குரல் விஷயம் ஒண்ணு. "நம்மகூட இருக்கார்" என்றதும் சின்ன இடைவெளி விட்டு, பெயரைக் குரல் இறங்காமல் சொல்லி அங்கேயே நிறுத்துங்க. "அவர்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி" என்று வால் நீண்டால் பெயர் அதுக்குள்ள புதைஞ்சிடும்.

பாட்காஸ்டில் பெயர் ஸ்கிரீனிலேயே இருக்கு, அதனால் அது கொஞ்சம் தாமதமாக வரலாம். ரேடியோ அப்படி இல்லை. 2004இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 மாதிரி ஒரு சமுதாய வானொலியில், ஒருத்தர் பத்தாவது நிமிஷத்தில் வந்து சேரலாம். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் பெயரையும் அந்த ஒரு தகவலையும் திரும்பச் சொல்லணும்.

பதிவு செஞ்சதும், அந்த விருந்தினரைத் தெரியாத ஒரு நண்பனுக்கு முதல் அரை நிமிஷத்தை மட்டும் போட்டுக் காட்டுங்க. "யார் பேசப் போறாங்க, என்ன கேட்கத் தோணுது?"ன்னு கேளுங்க. பெயர் வரலைன்னா குரலைச் சரி பண்ணணும். கேள்வி வரலைன்னா தகவலையே மாத்தணும்.